ஏழு தாள், ஐந்து மாணவர், மூன்று வேளை: கோட்டுரு நிறமிடலைத் தேர்வு அட்டவணை கொண்டு விளக்கும் ஸ்லைடுகள் – ஒரு நிகழ்வு ஆய்வு

கோட்டுரு நிறமிடலுக்கு ஸ்லைடு தயாரிப்பவர்கள் வழக்கமாக இரண்டு உதாரணங்களில் ஒன்றைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஒன்று, பக்கத்துப் பக்கத்து மாவட்டங்களுக்கு வேறு வேறு நிறம் பூசிய வரைபடம். இன்னொன்று, தேர்வு அட்டவணை. பி.எஸ்சி. கணினி அறிவியல் மாணவர்களுக்கு இரண்டாவதுதான் பொருத்தம் என்பது என் கருத்து. அரியர் வைத்திருக்கும் எவருக்கும், இரண்டு தாள் ஒரே வேளையில் விழுந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

ஆனால் பல ஸ்லைடுகளில் இந்த உதாரணம் பாதியிலேயே நின்றுவிடுகிறது. நான்கைந்து பாடங்கள், சில கோடுகள், அடுத்த ஸ்லைடில் அதே படம் மூன்று நிறங்களில், கீழே "விடை 3". மாணவர் தலையாட்டிவிட்டுப் போவார். தேர்வில் வேறொரு கோட்டுருவைக் கொடுத்தால், தனக்குத் தோன்றிய வரிசையில் நிறம் போட்டு, நான்கு நிறம் வந்தால் நான்கு என்று எழுதிவிடுவார். மூன்றில் முடியுமா என்ற கேள்வியே அவருக்கு எழாது. அவர் பார்த்த ஸ்லைடிலும் அந்தக் கேள்வி எழவில்லை.

இந்தக் கேள்வியை எழுப்பும்படி ஓர் உதாரணத்தை எப்படிக் கட்டுவது, எந்த ஸ்லைடில் எதைக் காட்டுவது, மாணவர் எங்கே வழுக்குகிறார் என்பதை ஒரே ஒரு தொகுப்பை வைத்து இங்கே பார்க்கலாம். தொகுப்பு வகுப்புக்காகக் கட்டியது, சின்னது. கரும்பலகையிலும் போட்டுவிடலாம்.

தரவு முதலில், படம் பிறகு

சிறப்பு அரியர் தேர்வு என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான செமஸ்டர் தேர்வில் ஒரு வகுப்பே ஒரே தாள்களை எழுதும். அதற்கு அட்டவணை போடக் கோட்டுருவே தேவையில்லை. அரியரில் ஒவ்வொருவர் கையிலும் வேறு வேறு கலவை இருக்கும். கோட்டுரு உண்மையில் உதவுவது அங்கேதான்.

தாள்கள் ஏழு. பட்டியலில் இருக்கும் வரிசை இது: ஆங்கிலம், இயற்பியல், கணிதம், ஜாவா, டேட்டாபேஸ், தமிழ், புள்ளியியல். இந்த வரிசை பின்னால் தேவைப்படும்.

மாணவர்கள் ஐந்து பேர். முதலாமவருக்குக் கணிதம், ஆங்கிலம், இயற்பியல். இரண்டாமவருக்குக் கணிதம், இயற்பியல், புள்ளியியல். மூன்றாமவருக்குக் கணிதம், புள்ளியியல், ஜாவா. நான்காமவருக்குக் கணிதம், ஜாவா, டேட்டாபேஸ். ஐந்தாமவருக்குத் தமிழும் ஆங்கிலமும் மட்டும்.

முதல் ஸ்லைடில் இந்தப் பட்டியல் மட்டும் இருக்க வேண்டும். முனை, விளிம்பு, நிறம் எதுவும் வேண்டாம். "ஒரு நாளைக்கு முற்பகல், பிற்பகல் என்று இரண்டு வேளை. யாருக்கும் இரண்டு தாள் ஒரே வேளையில் வரக்கூடாது. எத்தனை வேளை வேண்டும்?" என்று கேட்டு, ஐந்து நிமிடம் பேப்பரில் போட்டுப் பார்க்கச் சொல்லலாம். வகுப்பில் சிலர் நான்கு என்பார்கள், சிலர் மூன்று என்பார்கள். இந்தக் கருத்து வேறுபாட்டைத் தீர்க்காமல் அப்படியே விட்டுவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போவது நல்லது.

இரண்டாவது ஸ்லைடில் படம் எழும்புகிறது. ஏழு வெள்ளை வட்டங்கள், கோடு ஒன்றுமில்லை. மவுஸை ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் ஒரு மாணவர் வருகிறார். முதல் மாணவருக்கு மூன்று தாள், ஆகவே கணிதம்–ஆங்கிலம், கணிதம்–இயற்பியல், ஆங்கிலம்–இயற்பியல் என்று மூன்று கோடுகள், ஒரு முக்கோணம். இரண்டாமவருக்கும் ஒரு முக்கோணம் வரவேண்டும். ஆனால் படத்தில் புதிதாக விழுவது இரண்டு கோடுகள்தான், கணிதம்–இயற்பியல் ஏற்கெனவே இருக்கிறது. இந்த இடத்தில் நிறுத்தி, ஏன் இரண்டுதான் என்று கேட்க வேண்டும். ஒரு ஜோடித் தாளை ஒருவர் எழுதினாலும் ஐம்பது பேர் எழுதினாலும் விளிம்பு ஒன்றுதான் என்பது அப்போது தானாகவே வந்துவிடும். ஐந்து பேரையும் சேர்த்தால் ஜோடிகள் 13, விளிம்புகள் 10.

முழுப் படத்தையும் ஒரேயடியாகக் காட்டினால் இது நடக்காது. கோடு எங்கிருந்து வந்தது என்று தெரியாத மாணவர், "ஒரே செமஸ்டர் தாள்களை இணைக்கணும் போல" என்று தாமாக ஒரு விதி வைத்துக்கொள்கிறார். அந்த விதியில் யாருமே சேர்த்து எழுதாத தாள்களுக்கு இடையிலும் கோடு விழும், தேவைக்கு மேல் வேளைகள் கேட்கும். அதைவிட மோசம், வேறு வேறு செமஸ்டர் தாள்களை ஒன்றாக வைத்திருக்கும் அரியர் மாணவருக்கான கோடு விட்டுப்போகும். அட்டவணை வெளியான பிறகு ஒருவர் துறை அலுவலகத்துக்கு ஓடிவருவது பெரும்பாலும் இப்படி விட்டுப்போன கோட்டால்தான்.

இன்னொரு குழப்பம் கோட்டின் அர்த்தத்தில் வருகிறது. நண்பர்கள் வலைப்பின்னல், சாலை வரைபடம் என்று பார்த்துப் பழகியவர்களுக்குக் கோடு என்றால் இணைப்பு, சேர்த்து வைப்பது. இங்கே அது நேர்மாறு, பிரித்து வைக்க வேண்டிய ஜோடி. ஸ்லைடின் மூலையில் "கோடு = இந்த இரண்டும் ஒரே வேளையில் கூடாது" என்று ஒரு வரி கடைசி ஸ்லைடு வரை நிற்கட்டும். அதன் கீழேயே "நிறம் = வேளை" என்று எழுதிவிடுங்கள். இதை எழுதாவிட்டால் நிறத்தைத் தேர்வு ஹால் என்று எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. ஹால் வேறு, வேளை வேறு. ஒரே வேளையில் மூன்று தாள்கள் மூன்று ஹாலில் நடக்கலாம்.

படத்தின் அமைப்பிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். கணிதத்தை நடுவில் வைத்து, ஆங்கிலம், இயற்பியல், புள்ளியியல், ஜாவா, டேட்டாபேஸ் ஐந்தையும் இந்த வரிசையில் அதைச் சுற்றி வைத்தால் ஒரு கோடும் இன்னொன்றை வெட்டாது. தமிழ் வெளியே, ஆங்கிலத்தோடு மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கும். கோடுகள் வெட்டிக்கொண்டால் பின்வரிசையிலிருந்து பார்ப்பவருக்கு வெட்டும் இடமும் ஒரு முனை மாதிரியே தெரியும். நிறத்தோடு எண்ணையும் வட்டத்துக்குள் எழுதுவது கட்டாயம். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர் எந்த வகுப்பிலும் இருக்கலாம், பழைய புரொஜெக்டரில் மஞ்சள் வெள்ளையாகவே தெரியும்.

"போதும்" ஒரு கட்டம், "குறைக்க முடியாது" இன்னொரு கட்டம்

நிறமிடலின் விதி ஒரே வரி: விளிம்பால் இணைந்த இரு முனைகளுக்கு ஒரே நிறம் கூடாது. இதற்குத் தேவைப்படும் மிகக் குறைந்த நிறங்களின் எண்ணிக்கைதான் நிற எண். வரையறையில் "மிகக் குறைந்த" என்பதை வாசித்துவிட்டுக் கடந்துபோவது எளிது, நிரூபிப்பதுதான் சிரமம். நம் ஸ்லைடில் அதற்குத் தனி இடம் வேண்டும்.

மூன்றாவது ஸ்லைடை நடுவில் கோடிட்டு இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். இடப்பக்கத் தலைப்பு "3 போதும்". அங்கே ஓர் அட்டவணை: முதல் வேளை கணிதம், தமிழ், இரண்டாம் வேளை ஆங்கிலம், புள்ளியியல், டேட்டாபேஸ், மூன்றாம் வேளை இயற்பியல், ஜாவா. பத்து விளிம்புகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டு, இரு முனையிலும் வேறு வேறு எண் இருக்கிறதா என்று வகுப்பையே சரிபார்க்கச் சொல்ல வேண்டும்.

வலப்பக்கத் தலைப்பு "2 போதாது". முதல் மாணவரின் மூன்று தாள்களும் ஒன்றோடொன்று மோதுகின்றன. மூன்றுக்கும் மூன்று வேளை வேண்டும். அவ்வளவுதான் நிரூபணம். பொதுவாகச் சொன்னால், ஒருவரிடம் எத்தனை தாள் இருக்கிறதோ அத்தனை வேளையாவது வேண்டும். இப்படி எல்லா ஜோடியும் மோதும் தாள்களின் கூட்டத்தைக் கிளிக் என்கிறோம். நம் படத்தில் மிகப்பெரிய கிளிக் மூன்று முனை கொண்டது.

இரண்டு பக்கமும் 3 என்று வந்ததால் நிற எண் 3. ஒரு பக்கம் மட்டும் இருந்தால் விடை முடியவில்லை. இடப்பக்கம் மட்டும் இருந்தால் "மூன்றோ அதற்குக் குறைவோ", வலப்பக்கம் மட்டும் இருந்தால் "மூன்றோ அதற்கு மேலோ". மதிப்பெண் தரும்போதும் இந்த இரண்டு பாதிகளுக்கும் தனித்தனியே மதிப்பெண் பிரித்தால் மாணவர்கள் வலப்பக்கத்தை மறக்க மாட்டார்கள்.

இங்கே நிச்சயம் ஒரு கேள்வி வரும்.

"மேடம், தமிழுக்கும் இயற்பியலுக்கும் கோடு இல்லையே, ஏன் ஒரே வேளையில போடல?"

"போடலாம்ப்பா, தப்பில்ல. போட்டே ஆகணும்னு இல்ல."

கோடு இருந்தால் பிரிப்பது கட்டாயம். கோடு இல்லாவிட்டால் சேர்ப்பது அனுமதி மட்டுமே. தமிழுக்குக் கணிதத்தோடும் மோதல் இல்லை, இயற்பியலோடும் மோதல் இல்லை. ஆனால் கணிதமும் இயற்பியலும் மோதுகின்றன, ஆகவே தமிழ் இரண்டில் ஒன்றோடுதான் போக முடியும். இதைக் காட்டுவதற்காகவே தமிழ் இந்த உதாரணத்தில் இருக்கிறது.

வரைபட நிறமிடலைப் படித்துவிட்டு வருபவர்களிடமிருந்து இன்னொரு கேள்வி வரும்: எந்தப் படத்துக்கும் நான்கு நிறம் போதும்தானே? 1852-இல் பிரான்சிஸ் கத்ரி எழுப்பி, 1976-இல் ஆப்பெலும் ஹாக்கனும் கணினி உதவியோடு நிரூபித்த நான்கு நிறத் தேற்றம் அது. ஆனால் கோடுகள் வெட்டிக்கொள்ளாமல் தாளில் வரையக்கூடிய கோட்டுருக்களுக்குத்தான் அது பொருந்தும். ஐந்து அரியர் வைத்திருக்கும் ஒரே ஒரு மாணவரைச் சேர்த்தால் ஐந்து தாள்கள் எல்லாமே ஒன்றோடொன்று மோதும். அந்தப் படத்தை வெட்டாமல் வரையவே முடியாது, அதற்கு ஐந்து வேளை வேண்டும். தேர்வு அட்டவணைக் கோட்டுருவுக்கு நான்கு என்ற உச்சவரம்பு கிடையாது.

வரிசை மாறினால் விடை மாறும்

சரி, மூன்று வேளை அட்டவணையை எப்படிக் கண்டுபிடிப்பது? எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி பேராசை முறை. முனைகளை ஒரு வரிசையில் எடு, ஒவ்வொன்றுக்கும் அதன் அண்டை முனைகளில் இல்லாத மிகச் சிறிய எண்ணைக் கொடு, கொடுத்ததை மாற்றாதே.

பட்டியலில் இருந்த வரிசையிலேயே போவோம். ஆங்கிலம் 1. இயற்பியல் ஆங்கிலத்தோடு மோதுகிறது, ஆகவே 2. கணிதம் இரண்டோடும் மோதுகிறது, 3. ஜாவாவுக்கு இதுவரை எண் பெற்ற அண்டை கணிதம் மட்டுமே, ஆகவே 1. டேட்டாபேஸ் கணிதத்தோடும் ஜாவாவோடும் மோதுகிறது, 2. தமிழ் ஆங்கிலத்தோடு மட்டும், 2. கடைசியில் புள்ளியியல். அதன் அண்டைகளில் இயற்பியல் 2, கணிதம் 3, ஜாவா 1. மூன்றும் போய்விட்டது. புள்ளியியலுக்கு 4.

இதை ஸ்லைடில் காட்டும்போது ஒவ்வொரு முனைக்கும் பக்கத்தில் "தடை: 2, 3, 1" என்று சிறிய எழுத்தில் போட வேண்டும். நிறம் மட்டும் மாறிக்கொண்டே போனால் ஏதோ தானாக நடப்பதுபோல் தெரியும். தடைப் பட்டியல் இருந்தால் ஜாவாவுக்கு 1 கொடுத்தபோதே சிக்கல் தொடங்கிவிட்டது என்று மாணவரே விரல் வைத்துக் காட்டுவார். ஜாவாவுக்கு 2 கொடுத்திருந்தால் புள்ளியியலுக்கு 1 மீந்திருக்கும். ஆனால் அந்த நேரத்தில் ஜாவாவிடம் புள்ளியியலைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை.

அடுத்து, அதிக மோதல் உள்ள தாளை முதலில் எடுக்கும் வழி. வெல்ஷும் பவலும் 1967-இல் ஒரு கட்டுரையில் இதை முன்வைத்தார்கள். கால அட்டவணைச் சிக்கல்கள் அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே இருக்கின்றன. நம் படத்தில் கணிதத்துக்கு 5 விளிம்புகள். ஆங்கிலம், இயற்பியல், ஜாவா, புள்ளியியல் நான்குக்கும் 3. டேட்டாபேஸுக்கு 2, தமிழுக்கு 1. சமமாக இருப்பவற்றைப் பட்டியல் வரிசையிலேயே எடுத்தால்: கணிதம் 1, ஆங்கிலம் 2, இயற்பியல் 3, ஜாவா 2. அடுத்துப் புள்ளியியல், தடை 1, 3, 2. மறுபடியும் 4.

முறை தோற்றுவிட்டது என்று வகுப்பு சொல்லும். அப்படி அவசரப்பட வேண்டாம். அந்த முறை தரும் உறுதி என்ன என்று பார்க்க வேண்டும். விளிம்பு எண்ணிக்கையை இறங்குவரிசையில் எழுதினால் 5, 3, 3, 3, 3, 2, 1. ஒவ்வொன்றோடும் 1 கூட்டி, அந்த எண்ணையும் அது வரிசையில் நிற்கும் இடத்தையும் ஒப்பிட்டுச் சிறியதை எடுத்தால் 1, 2, 3, 4, 4, 3, 2 என்று வரும். இதில் பெரியது 4. ஆகவே நான்கு வேளைக்கு மேல் போகாது என்று அந்த முறை முன்கூட்டியே உறுதி சொல்கிறது. ஏதோ ஒரு வரிசை என்றால் கிடைக்கும் உறுதி, மிக அதிக விளிம்பு எண்ணிக்கையோடு ஒன்று கூட்டியது, அதாவது 6. ஆறிலிருந்து நான்குக்கு வந்தது லாபம். மூன்று என்று அது வாக்குக் கொடுக்கவே இல்லை.

மூன்றாவது வழி டேனியல் பிரெலாஸ் 1979-இல் வெளியிட்டது, DSATUR என்று பெயர். பின்னாளில் அவர் சுவிட்சர்லாந்தின் லோசான் நகர மேயராகவும் இருந்தார். இதில் வரிசை முன்கூட்டியே முடிவாகாது. ஒவ்வொரு படியிலும், அண்டைகளில் எத்தனை வேறு வேறு நிறங்கள் ஏற்கெனவே விழுந்திருக்கின்றன என்று எண்ணி, மிக நெருக்கடியில் இருக்கும் முனையை அடுத்து எடுக்கிறோம். சமம் என்றால் அதிக விளிம்பு உள்ளதை எடுக்கிறோம்.

நம் படத்தில் முதலில் கணிதம் 1. அடுத்து ஆங்கிலம் 2. இப்போது இயற்பியலைச் சுற்றி 1, 2 என்று இரண்டு நிறங்கள் இருக்கின்றன, வேறு எதற்கும் அவ்வளவு நெருக்கடி இல்லை. ஆகவே இயற்பியல், 3. உடனே புள்ளியியலைச் சுற்றி 1, 3. அதை எடுத்து 2 கொடுக்கிறோம். பிறகு ஜாவா, தடை 1, 2, ஆகவே 3. டேட்டாபேஸ், தடை 1, 3, ஆகவே 2. கடைசியில் தமிழ், 1. மூன்றே வேளை. முதல் இரண்டு முறைகளும் ஜாவாவுக்குத் தாவி, புள்ளியியலை இரண்டு பக்கமும் அடைத்துவிட்டன. இந்த முறை அண்டைக்கு அண்டையாக நகர்ந்ததால் அந்த அடைப்பு வரவே இல்லை. இரண்டாவதாக ஆங்கிலத்துக்குப் பதிலாகச் சுற்றியுள்ள வேறு எந்தத் தாளை எடுத்தாலும் இந்தப் படத்தில் மூன்றுதான் வரும், செய்து பார்க்கலாம்.

மாணவர்களை ஆய்வகத்தில் இதை ஓட்டிப் பார்க்கச் சொல்லவும் முடியும். பைத்தானின் networkx-இல் சில வரிகள் போதும்:

```python
import networkx as nx
from itertools import combinations

papers = ["ஆங்கிலம்", "இயற்பியல்", "கணிதம்", "ஜாவா",
          "டேட்டாபேஸ்", "தமிழ்", "புள்ளியியல்"]
students = [("கணிதம்", "ஆங்கிலம்", "இயற்பியல்"),
            ("கணிதம்", "இயற்பியல்", "புள்ளியியல்"),
            ("கணிதம்", "புள்ளியியல்", "ஜாவா"),
            ("கணிதம்", "ஜாவா", "டேட்டாபேஸ்"),
            ("தமிழ்", "ஆங்கிலம்")]

G = nx.Graph()
G.add_nodes_from(papers)
for s in students:
    G.add_edges_from(combinations(s, 2))

for how in (lambda G, c: list(G), "largest_first", "DSATUR"):
    c = nx.greedy_color(G, strategy=how)
    print(max(c.values()) + 1)
```

வெளியீடு 4, 4, 3. `add_nodes_from` வரியை விட்டுவிடாதீர்கள். பட்டியல் வரிசையைக் காப்பது அதுதான். அது இல்லாவிட்டால் முனைகள் மாணவர் பட்டியலில் தோன்றும் வரிசையில் சேர்ந்து, முதல் இரண்டு விடைகளும் மாறக்கூடும்.

DSATUR இங்கே சரியாக வந்ததால் எப்போதும் சரியாக வரும் என்ற எண்ணமும் வேண்டாம். இரண்டே நிறத்தில் முடியும் கோட்டுருக்களில் அது தவறாது என்று பிரெலாஸ் காட்டினார், மற்றவற்றில் அப்படி உறுதி இல்லை. நிற எண்ணைக் கண்டுபிடிப்பது கார்ப் 1972-இல் தொகுத்த 21 கடினமான சிக்கல்களில் ஒன்று. நூற்றுக்கணக்கான தாள்கள் என்றால் மிகச் சிறந்த விடையை உறுதியாகவும் விரைவாகவும் தரும் பொதுவழி இன்றுவரை எவர் கையிலும் இல்லை. அதனால்தான் வலப்பக்கக் கட்டம் அவ்வளவு முக்கியம். பேராசை முறை கொடுத்த எண்ணும் பெரிய கிளிக்கின் எண்ணும் ஒன்றாக இருந்தால் வேலை முடிந்தது. இடைவெளி இருந்தால், குறை அட்டவணையிலா அல்லது நிரூபணத்திலா என்று இன்னும் தெரியாது.

ஆறாவது மாணவர்

இந்தத் தொகுப்பில் எனக்கு மிகவும் பிடித்த ஸ்லைடு இதுதான். கட்டணம் கட்டும் கடைசி நாளில் இன்னொருவர் வருகிறார். அவருக்கு இரண்டே தாள்: ஆங்கிலமும் டேட்டாபேஸும். படத்தில் ஒரே ஒரு கோடு கூடுகிறது.

நம் அட்டவணையில் இரண்டும் ஒரே வேளையில் இருக்கின்றன. "ஒன்றை நகர்த்தி மூன்று வேளைக்குள்ளேயே முடியுங்கள்" என்று வகுப்பிடம் விட்டுவிட வேண்டும். டேட்டாபேஸைக் கணிதம், ஜாவா, ஆங்கிலம் மூன்றும் தடுக்கின்றன. ஜாவாவை நகர்த்தினால் புள்ளியியல் இடிக்கும். புள்ளியியலை நகர்த்தினால் இயற்பியல் இடிக்கும். சுற்றிச் சுற்றி வந்து, யாராவது ஒருவர் "முடியாது போல" என்பார். "போல" என்பதை எடுத்துவிட்டு நிரூபணம் கேட்க வேண்டிய நேரம் அது.

முதலில் எல்லோரும் கிளிக் தேடுவார்கள். ஒன்றோடொன்று மோதும் நான்கு தாள்கள் இருந்தால் நான்கு வேளை வேண்டும் என்று முடித்துவிடலாம். ஆனால் அப்படி நான்கு தாள்கள் இல்லவே இல்லை. எந்த மாணவரிடமும் மூன்றுக்கு மேல் தாள் இல்லை, படத்திலும் மூன்று முனைக்கு மேல் கிளிக் இல்லை. மூன்றாவது ஸ்லைடின் வலப்பக்க வாதம் இங்கே உதவாது.

உதவுவது வேறொன்று. கணிதம் சுற்றியிருக்கும் ஐந்தோடும் மோதுகிறது, ஆகவே அதன் வேளையை அந்த ஐந்தில் எதுவும் பயன்படுத்த முடியாது. புதிய கோடு விழுந்த பிறகு அந்த ஐந்தும் ஒரு முழு வட்டமாகிவிட்டன: ஆங்கிலம், இயற்பியல், புள்ளியியல், ஜாவா, டேட்டாபேஸ், மறுபடி ஆங்கிலம். இரண்டு வேளைகளை வைத்து மாற்றி மாற்றிப் போட்டால் 2, 3, 2, 3, 2 என்று போய், கடைசி டேட்டாபேஸும் முதல் ஆங்கிலமும் ஒரே எண்ணில் வந்து இடிக்கும். ஐந்து ஒற்றைப்படை, அதனால் எங்கே தொடங்கினாலும் இதேதான். வட்டத்துக்கு மூன்று வேளை, கணிதத்துக்குத் தனியாக ஒன்று, மொத்தம் நான்கு. டேட்டாபேஸை மட்டும் நான்காம் வேளைக்கு மாற்றினால் அட்டவணையும் கிடைத்துவிடுகிறது, இடப்பக்கக் கட்டமும் நிறைகிறது.

நடுவில் ஒரு முனை, சுற்றிலும் ஒரு வட்டம் கொண்ட இந்த அமைப்பைச் சக்கரக் கோட்டுரு என்பார்கள். பாடநூலில் இது பெயரும் படமுமாக ஒரு பக்கத்தில் இருக்கும். இங்கே அதை வகுப்பே சந்திக்கிறது. கிளிக்கின் அளவும் நிற எண்ணும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடச் சிறிய உதாரணம் ஐந்து முனை வட்டம்தான். அதில் மிகப்பெரிய கிளிக் 2, நிற எண் 3. ஆனால் முக்கோணமே இல்லாத தேர்வுப் பட்டியல் செயற்கையாகத் தெரியும், ஒவ்வொருவருக்கும் சரியாக இரண்டு அரியர் என்று வைக்க வேண்டிவரும். கணிதத்தை நடுவில் வைப்பதில் அந்தச் சிக்கல் இல்லை. யார் அரியர் பட்டியலை எடுத்தாலும் கணிதம் இருக்கும் என்பதை எந்த வகுப்பும் மறுக்காது.

நிறம் வேளையாக மாறும்போது

கோட்டுருவைப் பொறுத்தவரை 1, 2, 3, 4 வெறும் பெயர்கள். இடம் மாற்றினாலும் நிறமிடல் செல்லும். தேர்வு நடத்துபவருக்கு அப்படி இல்லை. ஒரு வேளைக்கு எத்தனை இருக்கை இருக்கிறது என்று கோட்டுருவுக்குத் தெரியாது. மோதல் இல்லை என்பதற்காகப் பெரிய தாள்கள் மூன்றை ஒரே வேளையில் தள்ளிவிட்டால் ஹால் போதாமல் போகும். அப்போது விளிம்புகளோடு ஒவ்வொரு முனைக்கும் மாணவர் எண்ணிக்கையும் சேர்த்துக்கொண்டு, நிறத்துக்கு ஒரு மொத்த வரம்பு வைக்க வேண்டும். வேறு சிக்கல் அது, இந்த ஸ்லைடுகளில் பெயர் சொன்னால் போதும்.

வேளைகளின் வரிசையை மட்டும் நம் ஆறு பேரை வைத்தே காட்டிவிடலாம். வேளைகள் இப்போது: 1-இல் கணிதம், தமிழ், 2-இல் ஆங்கிலம், புள்ளியியல், 3-இல் இயற்பியல், ஜாவா, 4-இல் டேட்டாபேஸ். நான்கையும் இரண்டு நாட்களில் வைக்க வேண்டும். 1-உம் 2-உம் ஒரு நாள், 3-உம் 4-உம் மறுநாள் என்று வைத்தால் ஐந்தாமவர் தமிழையும் ஆங்கிலத்தையும் ஒரே நாளில் எழுத வேண்டும். 1-உம் 3-உம் ஒரு நாள், 2-உம் 4-உம் மறுநாள் என்றால் அவர் தப்பித்துவிடுவார், ஆறாமவர் மாட்டிக்கொள்வார். 1-உம் 4-உம் ஒரு நாள், 2-உம் 3-உம் மறுநாள் என்று வைத்தால் இருவருக்குமே நாளுக்கு ஒரு தாள்தான். முதல் நான்கு பேருக்கும் மூன்று தாள், இரண்டே நாள். அவர்கள் ஒரு நாளாவது இரண்டு தாள் எழுதித்தான் ஆக வேண்டும், அதை எந்த அமைப்பாலும் தவிர்க்க முடியாது. நிறமிடல் மூன்றிலும் ஒன்றேதான், எண்களை நாட்களுக்குப் பங்கிட்டது மட்டும் வேறு. ஒரு மாணவரின் இரு தாள்களுக்கு நடுவே வேளை இடைவெளி குறையக் குறைய அபராதப் புள்ளி கூடும் என்று வைத்து, கார்ட்டர், லாபோர்ட், லீ ஆகியோர் 1996-இல் உண்மையான தேர்வுத் தரவுகளில் வேலை செய்தார்கள். டொராண்டோ தொகுப்பு என்று அழைக்கப்படும் அந்தத் தரவுகளில்தான் அட்டவணை நிரல்களை இன்றும் ஒப்பிடுகிறார்கள். ஆய்வகத்தில் மேலே போக விரும்பும் மாணவருக்கு அடுத்த பயிற்சியாக அதையே கொடுக்கலாம்: முதலில் மோதல் இல்லாத அட்டவணை, பிறகு அதே நிறங்களை இடம் மாற்றி அபராதத்தைக் குறைப்பது.